மழைக்குப் பின் கலங்கிய கிணறு: ஆறு நாளாகியும் தெளியவில்லை

கிணற்றடி (குடியாத்தம் அருகே), முதல் நாள், இரவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் திறந்த கிணறு பதினைந்து அடி விட்டம் கொண்டது. மேலே பதினெட்டு அடி வரை சாந்து பூசாத கருங்கல் கட்டு, அதற்குக் கீழே பாறை. சென்ற வாரம் இரண்டு இரவுகள் தொடர்ந்து பெய்த மழையில் நீர்மட்டம் ஏறி, இப்போது ஏறத்தாழ இருபது அடித் தண்ணீர் நிற்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் முழுவதும் பால் அதிகம் விட்ட தேநீரின் நிறத்தில் இருக்கிறது. ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து அலமாரியில் வைத்தேன். மறுநாள் காலையில் அடியில் நகக்கண் அளவு மணல் படிந்திருந்தது, மேலே இருந்த தண்ணீரோ அப்படியே கலங்கலாக இருந்தது. இன்று ஆறாவது நாள். புட்டியும் தெளியவில்லை, கிணறும் தெளியவில்லை. முன்பெல்லாம் மழை விட்ட மூன்றாம் நாளே அடி தெரியும். குடிக்கத் தண்ணீர் விலைக்கு வாங்குகிறோம். சமையலுக்கும் பாத்திரம் கழுவவும் இதுதான். என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சத்துவாச்சாரி இளைஞன்

அக்கா, தூர் வாருவதற்கு இதுவே சரியான நேரம். எங்கள் பெரியப்பா வீட்டுக் கிணற்றில் ஆட்களை இறக்கிச் சேற்றை அள்ளினோம். இரண்டு மோட்டார் வைத்து ஒரே நாளில் தண்ணீரை வெளியேற்றி விட்டால் சேறு முழுவதும் கைக்கு வந்துவிடும்.

கிணற்றடி

தம்பி, நான் கேட்டது தூர் வாருவதைப் பற்றி அன்று. சித்திரையில்தான் தூர் வாரினோம். அடியில் சேறு அதிகம் இல்லை. தண்ணீரில் கலந்து மிதக்கும் மண் ஏன் இறங்கவில்லை என்பதே என் கேள்வி.

பேரணாம்பட்டுப் பெரியவர்

அம்மா, இதற்குப் போய் இவ்வளவு கவலை வேண்டாம். இரண்டு கிலோ படிகாரத்தை வாங்கிச் சாக்கில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு, நான்கு முறை இழுத்து அலசுங்கள். கூடவே ஒரு கிலோ பிளீச்சிங் பவுடரையும் தூவி விடுங்கள். இரவு போய்க் காலை வந்தால் தெளிந்துவிடும். எங்கள் தெருவில் காலங்காலமாக இப்படித்தான் செய்கிறோம்.

பழைய ஆய்வகத்தார்

நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். பெரியவர் சொன்ன பொருள் சரியானது. அதைப் போடும் இடமும் அளவும் வரிசையும்தான் சரியில்லை.

முதலில் அம்மையாரின் புட்டியைப் பார்ப்போம். அவர் அறியாமலே மிக நல்ல சோதனை ஒன்றைச் செய்திருக்கிறார். மழை நீர் கொண்டுவரும் மண்ணில் மணல், வண்டல், களி ஆகிய மூன்றும் இருக்கும். மணல் சில நொடிகளிலேயே அடிக்குப் போய்விடும். வண்டல் ஓர் அடி ஆழம் இறங்குவதற்குச் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். களித்துகளில் பெரியதாக இருப்பதே ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். அதைவிட நுண்ணியது இறங்குவதே இல்லை என்று கொள்ளலாம். களித்துகள்கள் எல்லாம் ஒரே வகை மின்னேற்றம் உடையவை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதந்தபடியே இருக்கும். ஒரு சாண் உயரமுள்ள புட்டியிலேயே ஆறு நாளில் தெளியாதது இருபது அடிக் கிணற்றில் தானாகத் தெளியும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை. முன்பு மூன்று நாளில் தெளிந்தது என்றால் அப்போது வந்தது பெரும்பாலும் வண்டல். இப்போது வருவது களி. இந்த மாற்றம் எதனால் வந்தது என்பதையும் நீங்கள் தேட வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

படிகாரம் கரையும்போது அந்த மின்னேற்றத்தை முறித்து, துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்து, பஞ்சு போன்ற திப்பிகளாக ஆக்குகிறது. திப்பி கனமானது; ஆகவே அது இறங்குகிறது. உங்கள் கிணற்றில் இப்போது இருப்பது ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். இரண்டு கிலோ படிகாரத்தை அதில் சமமாகக் கலந்தாலும் லிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் வரும். நல்ல கலங்கலுக்கு அது போதாது. சாக்கில் கட்டி அலசினால் சமமாகவும் கலக்காது. கரைசல் தண்ணீரைவிடக் கனமானது என்பதால் அடியில் போய்த் தங்கும். இதற்கிடையில் கல் இடுக்குகள் வழியே புதிய கலங்கல் வந்துகொண்டே இருக்கும். எனவே கிணற்றை விட்டுவிடுங்கள். அன்றாடத் தேவைக்கான தண்ணீரை மட்டும் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் எடுத்துத் தெளிய வையுங்கள்.

எவ்வளவு படிகாரம் என்பதை யாரும் தொலைவிலிருந்து சொல்ல முடியாது. உங்கள் தண்ணீரே சொல்ல வேண்டும். கடையில் 50 கிராம் படிகாரம் நிறுத்து வாங்கிப் பொடித்து, 5 லிட்டர் தெளிந்த நீரில் முழுவதும் கரையுங்கள். இனி இதன் ஒவ்வொரு மில்லியிலும் 10 மில்லிகிராம் படிகாரம் இருக்கும். ஒரு லிட்டர் கொள்ளும் தெளிவான புட்டிகள் ஐந்தில் கிணற்று நீரை நிரப்புங்கள். மருந்துக் கடையில் ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்று வாங்கி, முதல் புட்டியை அப்படியே விட்டுவிட்டு, மற்றவற்றில் முறையே 2, 4, 6, 8 மில்லி கரைசலை விடுங்கள். மூடி போட்டு ஒரு நிமிடம் வேகமாகக் குலுக்குங்கள். அதன் பிறகு பத்து நிமிடங்கள், குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவது போல மிக மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து நிமிர்த்துங்கள். ஒரு மணி நேரம் அசையாமல் வைத்துவிட்டு, புட்டிக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் படித்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரியும் புட்டிகளில் எது குறைந்த அளவோ அதுவே உங்கள் அளவு.

பிளீச்சிங் பவுடரைப் பற்றி: கலங்கிய தண்ணீரில் அதைப் போட்டால் மண்ணோடு வந்த இலைச்சாறும் சருகும் அதன் வலுவைத் தின்றுவிடும்; துகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியும் தப்பிவிடும். முதலில் தெளிவு, பிறகுதான் மருந்து.

கிணற்றடி, இரண்டாம் நாள்

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். என் மாணவிகள் இருவர் ஆவலோடு உட்கார்ந்து பார்த்தார்கள். 2 மில்லி விட்டதில் மாற்றமே இல்லை. 4 மில்லி விட்டதில் சிறு சிறு புள்ளிகள் தோன்றின. ஆனால் ஒரு மணி நேரத்திற்குப் பின்னும் தண்ணீர் புகை படிந்தது போலவே இருந்தது. 6 மில்லி விட்டதில்தான் அந்த அதிசயத்தைக் கண்டோம். மெதுவாகச் சாய்க்கத் தொடங்கிய ஏழாவது நிமிடத்தில், தண்ணீர் முழுவதும் ஊற வைத்த அவல் உடைந்தது போலத் திப்பி திப்பியாகத் திரண்டு, திப்பிகளுக்கு நடுவே கண்ணாடி போன்ற தெளிவு தெரிந்தது. வைத்த கால் மணியில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. அடியில் இரண்டு விரல் கனத்திற்குச் செம்மண் நிறத்தில் படிந்தது. 8 மில்லியும் அதே அளவு தெளிவுதான், கூடுதலாக ஒன்றும் இல்லை. அப்படியானால் 200 லிட்டருக்கு 1 லிட்டர் 200 மில்லி கரைசல் என்று கணக்கிட்டிருக்கிறேன். சரிதானா?

பழைய ஆய்வகத்தார்

மிகச் சரி. அதில் 12 கிராம் படிகாரம் இருக்கிறது. கூடப் போட்டால் கூடத் தெளியும் என்று எண்ணிவிட வேண்டாம். அளவு மீறினால் துவர்ப்பு ஏறும், சில வேளைகளில் துகள்கள் மறுபடியும் பிரிந்து கலங்கலும் திரும்பும்.

வாணியம்பாடி வாசகர்

எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குழாயில் பிடிக்கும்போது பளிச்சென்று இருக்கிறது. இரண்டு மணி நேரம் குடத்தில் இருந்தால் மஞ்சளாகி, பிறகு செந்நிறமாகி, அடியில் துரு போலப் படிகிறது. துணியெல்லாம் கறை. நானும் 6 மில்லி கணக்கில் படிகாரம் போடலாமா?

பழைய ஆய்வகத்தார்

உங்களுடையது வேறு. பிடிக்கும்போதே கலங்கலாக இருந்தால் மண். தெளிவாக வந்து காற்றுப் பட்டபின் சிவந்தால் கரைந்திருக்கும் இரும்பு. இரும்புக்குத் தண்ணீரை உயரத்திலிருந்து சிதற விழச் செய்து, நன்கு காற்றுப் பட வைத்து, ஓர் இரவு நிறுத்தி, மணல் வழியே வடிக்க வேண்டும். தனி இழை தொடங்குங்கள், விவரமாக எழுதுகிறேன்.

பேரணாம்பட்டுப் பெரியவர்

ஆய்வகத்தார் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் மருந்துப் பொருள் எதற்கு? என் தாயார் மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பார். மாலையில் வைத்தால் காலையில் அடி தெரியும். முருங்கை விதையும் அப்படியே. நம் கொல்லையில் இல்லாததா?

பழைய ஆய்வகத்தார்

உங்கள் தாயார் செய்தது உண்மையாகவே வேலை செய்யும் முறைதான், பெரியவரே. இரண்டு விதையிலும் களித்துகளை ஒட்ட வைக்கும் பொருள் உண்டு. ஆனால் அது ஒரு பானைக்கு உரியது. 200 லிட்டருக்கு உரச யாருக்கும் கை இராது. மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் தேத்தாங்கொட்டைக்குப் பக்கத்திலேயே எட்டிக்கொட்டையும் இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம். எட்டி கொடிய நஞ்சு. தேத்தாங்கொட்டை சிறியது, உருண்டையானது. எட்டிக்கொட்டை பெரியது, சட்டைப் பொத்தான் போலத் தட்டையானது. வேறுபாடு தெரியாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

முருங்கைக்கு அந்த அச்சம் இல்லை. முற்றிக் காய்ந்த நெற்றின் விதையை ஓடு நீக்கி, வெள்ளைப் பருப்பை மாவாக இடித்து, சிறிது நீரில் குழைத்து, துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும். இவ்வளவு கலங்கலுக்கு லிட்டருக்கு ஒன்றிரண்டு விதை தேவைப்படலாம். அதையும் புட்டியில் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

ஆனைக்கட்டு விவசாயி (அணைக்கட்டு ஒன்றியம்), மூன்றாம் நாள்

தாமதமாக வருகிறேன். நான் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலே ஒரு தம்பி, இரண்டு மோட்டார் வைத்து ஒரே நாளில் இறைக்கச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் போன அந்த மழைக்குப் பிறகு, கலங்கல் தண்ணீரை வெளியேற்றி விடலாம் என்று நான் அப்படித்தான் இறைத்தேன். கட்டுக்குப் பின்னால் இருந்த மண் முழுவதும் நீர் குடித்து ஊறிப்போயிருந்தது. கிணற்றுக்குள் நின்ற தண்ணீர்தான் அந்தக் கட்டை உள்ளிருந்து தாங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் பன்னிரண்டு அடி இறங்கியபோது தெற்குப் பக்கத்தில் ஒரு கல் பிதுங்கியது. அரை மணி நேரத்தில் எட்டடி அகலத்திற்குக் கட்டு சரிந்து உள்ளே விழுந்தது. ஆள் யாரும் இறங்கியிருக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

அம்மா, உங்கள் கிணற்றில் வெயில் சாயும் நேரத்தில் ஒரு நல்ல டார்ச்சை எடுத்துக்கொண்டு நாலு பக்கமும் கல் இடுக்குகளைப் பாருங்கள். எங்கோ ஓர் இடத்தில் மண் வழிந்த கறை கோடாக இறங்கியிருக்கும். பாறை ஊற்று கலங்கலைக் கொண்டுவருவது அரிது, மேல்மண்தான் வாசல்.

கிணற்றடி, ஐந்தாம் நாள்

இரண்டு செய்திகள். முதலாவது, டிரம். முதல் முறை தோற்றுப்போனேன். கரைசலை ஊற்றி, புட்டியில் கண்ட திப்பிகள் வரும் வரை என்று எண்ணி ஒரு மூங்கில் கழியால் இருபது நிமிடம் வேகமாகச் சுழற்றினேன். நன்றாகக் கலக்கினால் நன்றாகத் தெளியும் என்பது என் எண்ணம். காலையில் பார்த்தால் புகை போன்ற கலங்கல் அப்படியே இருந்தது.

பழைய ஆய்வகத்தார்

திரண்ட திப்பியை நீங்களே கழியால் உடைத்துவிட்டீர்கள். உடைந்த திப்பி மறுபடி முழுமையாகச் சேராது. ஒரு நிமிட வேகம் கரைசலைப் பரப்புவதற்கு. அதன் பிறகான மெதுவான அசைவு துகளோடு துகளைச் சந்திக்க வைப்பதற்கு. அகன்ற பலகைத் துண்டு ஒன்றைக் கழியில் கட்டி, ஒரு சுற்றுக்கு மூன்று நான்கு நொடி ஆகும்படிச் சுற்றுங்கள். மேலே நுரையோ அலையோ எழக்கூடாது.

கிணற்றடி, ஏழாம் நாள்

நேற்று மாலை பழைய பலகைத் துண்டு ஒன்றைக் கழியில் கட்டிச் செய்தேன். இரவு முழுவதும் மூடி வைத்தேன். காலையில் டிரம்மின் அடியில் போட்ட எவர்சில்வர் கரண்டி மேலிருந்து பார்க்க மங்கலாகத் தெரிந்தது. அதன் மேல் செம்மண் போர்வை. டிரம்மின் குழாயைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்தியிருந்ததால், அடிச்சேறு கலையாமல் முக்கால் டிரம் தண்ணீர் கிடைத்தது. எஞ்சிய சேற்று நீரைத் தென்னை மரத்தடியில் கொட்டினேன். முருங்கை விதையையும் ஒரு குடத்தில் செய்து பார்த்தேன். படிகாரம் அளவுக்கு இல்லை என்றாலும் நன்றாகவே தெளிந்தது, ஆனால் மறுநாள் மாலைக்குள் ஒரு வாடை வந்துவிட்டது.

இரண்டாவது செய்தி. விவசாயி அண்ணன் சொன்னபடி டார்ச்சோடு பார்த்தேன். வடகிழக்கு மூலையில், மேலிருந்து நான்காவது வரிக் கல்லுக்குக் கீழே, ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டையும் அதிலிருந்து தொடங்கிய செந்நிறக் கோடும் இருந்தன. ஓட்டைக்கு நேர் மேலே தரையில், போன ஆவணியில் பக்கத்து மனைக்கு அடித்தளம் தோண்டி எடுத்த மண்ணைக் குவித்திருக்கிறார்கள். ஏழெட்டு அடி ஆழத்திலிருந்து வந்த, வழுவழுப்பான களி. மூன்று நாளில் தெளிந்த கிணறு ஏன் மாறியது என்பதற்கு விடை அந்தக் குவியலில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பேரணாம்பட்டுப் பெரியவர்

முருங்கை வாடைக்குக் காரணம் விதையின் சத்துத் தண்ணீரில் தங்குவதுதான் அம்மா. என் தாயார் அன்றன்று வைத்து அன்றன்றே தீர்ப்பார். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

பழைய ஆய்வகத்தார்

அந்த மண்ணை முதலில் அப்புறப்படுத்துங்கள். அடுத்து, கிணற்றைச் சுற்றி மூன்றடி அகலத்திற்கு வெளிப்புறம் சாயும்படி சிமெண்டுத் தளம் போட்டு, மேல் பத்தடிக் கல் இடுக்கை முழுவதும் சிமெண்டுச் சாந்தால் அடைத்துவிடுவது குடிநீர்க் கிணற்றுக்கு நல்லது. தரைமேல் ஓடும் நீர், மண்ணில் வடிகட்டப்படாமல் உள்ளே வரக்கூடாது என்பதே காரணம்.

ஆனைக்கட்டு விவசாயி

இங்கே நான் மாறுபடுகிறேன் ஐயா. தளம் போடுவது சரி. பத்தடியையும் முழுவதுமாக அடைத்தால் ஊறிய மண்ணின் நீர் வெளியேற வழியின்றிக் கட்டையே தள்ளும். என் கட்டு சரிந்ததை மறுபடி கட்டிய கொத்தனார் இடையிடையே குழாய் வைத்துத்தான் பூசினார்.

பழைய ஆய்வகத்தார்

குழாய் வைத்தால் அதன் வழியாகவும் கலங்கல் வரும். பின்புறம் சல்லியும் மணலும் நிரப்பினால் ஓரளவு தடுக்கலாம். ஆனாலும் தரையிலிருந்து முதல் நாலைந்து அடிக்காவது ஓட்டை இருக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கட்டின் வலுவை நேரில் பார்த்த கொத்தனார்தான் மீதியைச் சொல்ல வேண்டும்.

கிணற்றடி

இரண்டும் எனக்கு நியாயமாகவே படுகின்றன. மாசியில் தண்ணீர் இறங்கிய பிறகு கொத்தனாரை அழைத்து இருவர் சொன்னதையும் காட்டிக் கேட்பேன். தெளிந்த டிரம் தண்ணீரைக் குடிக்கலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

பழைய ஆய்வகத்தார்

தெளிவு என்பது தூய்மை ஆகாது. குடிப்பதற்கு நன்கு கொதி வந்து ஒரு நிமிடமாவது கொதித்த பின் ஆற வைத்துக் குடியுங்கள். கிணறு தெளிந்த பிறகு, ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்ற கணக்கில் புதிய பிளீச்சிங் பவுடர் 250 கிராம் எடுத்து, வாளியில் குழைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியதும், மேல் தெளிவை மட்டும் இரவில் கிணற்றில் ஊற்றி வாளியால் நன்றாகக் கலக்குங்கள். காலையில் இறைக்கலாம். பொட்டலம் பிரித்துப் பல மாதமான பவுடருக்கு வலு இராது. தண்ணீர் குறையக் குறைய எடையையும் குறையுங்கள்.

கிணற்றடி, பன்னிரண்டாம் நாள்

மண் குவியலைப் பக்கத்து மனைக்காரர் மறுப்பின்றி அள்ளிக்கொண்டார். ஓட்டைக்கு மேலே தற்காலிகமாக வரப்பு கட்டி, ஓடும் நீரைத் தெருப் பக்கம் திருப்பியிருக்கிறேன். நேற்று இரவு ஒரு மணி நேரம் மழை. காலையில் டார்ச் அடித்தபோது அந்தக் கோடு காய்ந்தே இருந்தது. கிணறு இன்னும் கலங்கலாகத்தான் இருக்கிறது, ஆனால் புட்டிச் சோதனையில் இன்று 4 மில்லியிலேயே செய்தித்தாள் தெரிகிறது. ஆகவே இன்று மாலை டிரம்முக்கு 800 மில்லி கரைசல் மட்டுமே ஊற்றுகிறேன்.